மச்சானின் நெல்லுக்கு மூன்றாம் தரம்

"என் கண்ணுக்கு நெல்லு மட்டும்தான் தெரியும். கொண்டு வந்தவன் ஆளா ஆட்டுக்குட்டியான்னுகூட எனக்குத் தெரியாது."

அரிசி ஆலையின் முற்றத்தில், மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசைகட்டி நின்ற ஒரு காலைப்பொழுதில், அத்தனை விவசாயிகளும் கேட்கும்படி இப்படி முழங்கியவர் ஆலையின் தரம் பிரிப்பவர். அன்று அவர் ஆலை முதலாளியின் சித்தப்பா மகன் கொண்டு வந்த நெல்லை, ஈரம் அதிகம், காயவைத்துக் கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தார். முதலாளி வாயைத் திறக்கவில்லை. விவசாயிகள் வாய்பிளந்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு நீதிபதி என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு, சட்டைக் காலர் பொத்தானையும் சேர்த்துப் போட ஆரம்பித்தார்.

நீதிமன்றம் என்பது முற்றத்தின் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஈரப்பதம் காட்டும் கருவி, சிறிய தராசு, வெள்ளைத் தட்டு, உமி நீக்கும் குட்டி இயந்திரம், நொய் பிரிக்கும் சல்லடை. வழக்கு நடக்கும் முறை இதுதான்: ஒரு வண்டி நெல்லில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பல மூட்டைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் மேலே, நடுவே, கீழே என்று குத்தூசியைச் செருகி நெல்லை உருவ வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பங்குகளைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி கலந்து அளவான மாதிரி எடுக்க வேண்டும். அதில் ஈரம் பார்த்து, கல், மண், பதர், வைக்கோல் துணுக்கு பொறுக்கி எடைபோட்டு, கொஞ்சத்தை அரிசியாக்கி எத்தனை பங்கு நொய்யாகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு சீட்டில் தரமும், ஈரத்துக்கும் தூசிக்கும் எடையில் எவ்வளவு கழிவு என்பதும் விழும். மேல்முறையீடு கிடையாது.

இப்படிப்பட்ட நீதிமன்றத்துக்கு ஒருநாள் நீதிபதியின் மச்சான் வந்து சேர்ந்தார். அதாவது மனைவியின் அண்ணன். முந்தின மாலையே நெல்லை இறக்கி, முற்றத்து சிமெண்டுத் தரையில் அடுக்கிவிட்டுப் போயிருந்தார். அறுவடையில் இது கால்பங்குதான். மிச்சம் களத்தில் கிடந்தது. முதல் வண்டி இரண்டாம் தரத்துக்குக் கீழே போனால் அந்த விவசாயியிடம் அந்தப் பருவத்தில் மறுவண்டி எடுப்பதில்லை என்பது ஆலையின் வழக்கம். மச்சானின் ஒட்டுமொத்த விளைச்சலும் இந்த ஒரு சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வரிசையில் நின்றவர்களுக்குப் பொழுது போகவில்லை. ஒருவர், "மச்சான் நெல்லு பாருங்க, வெயில் படாமலே காஞ்சிடும்" என்றார். இன்னொருவர், கல்லெல்லாம் தானே எழுந்து நடந்து போய்விடும் என்று சேர்த்துக்கொண்டார். சிரிப்பு கிளம்பியது. நீதிபதியின் காது சிவந்தது.

குத்தூசியால் மாதிரி எடுப்பது சுமைக்காரர்களின் மேஸ்திரியின் வேலை. அன்று நீதிபதி ஊசியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நேராக அடுக்கின் மூலைக்குப் போனார். அங்கே தரையோடு கிடந்த மூட்டைகளைக் குனிந்து குத்தினார். அதுவும் அடிப்பக்கமாகவே குத்தினார். வண்டி குலுங்கி வந்ததில் தூசியும் பொடிமண்ணும் இறங்கி உட்கார்ந்திருக்கும் இடம் அது. ராத்திரி முழுக்கத் தரையின் குளிர்ச்சியைக் குடித்திருந்த இடமும் அதுதான். மேஸ்திரி தொண்டையைச் செருமினார். நீதிபதி அது கேட்காத தூரத்தில் இருந்தார், அதாவது ஒரு முழம் தள்ளி.

தீர்ப்பு வந்தது. ஈரம் எல்லைக்கு மேலே போய் நின்றது. தூசி ஏராளம். ஈர நெல் அரைபடும்போது நொறுங்குவதால் நொய்யும் ஏகம். மூன்றாம் தரம், கழிவு தாராளம். நீதிபதி சீட்டை வரிசை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். கேலி பேசியவர்கள் மரியாதையோடு தலையாட்டினார்கள். மச்சான் மட்டும் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நல்லா இருங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டு நடந்தார். வசவு இதைவிடக் கண்ணியமாக இருக்க முடியாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதே நீதிபதிக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. மனைவி கோபப்படுவாள், கடமை என்றால் என்னவென்று அவளுக்கு விளக்கலாம் என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு போனார். அவள் கோபப்படவில்லை. தட்டை வைத்தாள், சோற்றைப் போட்டாள், எதிரே உட்கார்ந்தாள். அண்ணன் வந்துவிட்டுப் போனது தெரிந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா? ஊரான் மூட்டைன்னா மேல, நடுவுல, கீழன்னு குத்துவீங்க. எங்க அண்ணன் மூட்டைல மட்டும் ஏன் அடியிலயே குத்துனீங்க?"

"உங்க அண்ணன்னு நான் பார்க்கல."

"பார்க்கலன்னா மேலயும் குத்தியிருப்பீங்களே."

அவர் வசனங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. நேர்மை என்றார். அவள் ரசம் ஊற்றினாள். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார். அந்த நாலு பேரும் நெல் விளைவிக்கிறார்களா, அல்லது அவர் தட்டில் சோறு போடுகிறார்களா என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போனாள். ரசம் வழக்கத்தைவிடக் காரமாக இருந்ததாக அவருக்குத் தோன்றியது. நாக்கும் அன்று பாரபட்சம் பார்த்திருக்கலாம்.

மறுநாள் நீதிபதி, வண்டிகள் வருவதற்கு முன்னாலேயே ஆலைக்குப் போய்விட்டார். மச்சானின் மூட்டைகள் கிடங்குக்கு எடுத்துப் போக ஆள் வராமல் அப்படியே கிடந்தன. சுற்றுமுற்றும் பார்த்தார். மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு, தன் கருவியைச் சரிபார்க்க வேண்டும், அதற்காகத்தான், வேறு ஒன்றுமில்லை என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

"எந்த மூட்டைல குத்தணும்யா?" என்றார் மேஸ்திரி.

"வழக்கமா எப்படிக் குத்துவீங்களோ, அப்படி."

மேஸ்திரி அடுக்கைச் சுற்றி வந்து மேல்வரிசை, நடுவரிசை, கீழ்வரிசை என்று மூட்டைக்கு மூட்டை குத்தி எடுத்தார். நீதிபதி கலந்தார், குவித்தார், பிரித்தார். தட்டில் பதரைப் பொறுக்கினார். நெல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒரு மனமும், மோசமாக இருந்துவிட்டால் தன் சீட்டு தப்பித்துவிடும் என்று இன்னொரு மனமும் ஆசைப்பட்டன. நெல் இரண்டு மனங்களையும் மதிக்கவில்லை. ஈரம் எல்லையை லேசாகத் தொட்டுத் தாண்டியிருந்தது. தூசி அனுமதித்த அளவை ஒட்டி நின்றது. நொய் பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டாம் தரம், ஈரத்துக்கு மட்டும் சின்னக் கழிவு. முதல் தரம் இல்லை. மச்சான் அதற்கும் முணுமுணுக்கத்தான் போகிறார். ஆனால் களத்து நெல் ஆலைக்கு வரலாம்.

நீதிபதி புதுச்சீட்டு எழுதினார். முந்தைய சீட்டு செல்லாது, மாதிரி எடுத்ததில் தவறு என்று கீழே ஒரு வரியும் சேர்த்தார். யாருடைய தவறு என்று எழுத இடம் இருந்தது. அந்த இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

அதற்குள் முற்றத்தில் வண்டிகள் வர ஆரம்பித்தன. வரிசையில் முதல் வண்டி, நீதிபதி குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரருடையது. ஆறு மாதமாகக் கூரை ஒழுகுவதைச் சரிசெய்யாதவர். நீதிபதி சன்னல் வழியாக அவரைப் பார்த்தார். பார்த்ததும் அவர் கை தானாகவே மேசைமேல் இருந்த குத்தூசியைத் தேடிப் போனது.

கையைத் திரும்ப இழுத்துக்கொண்டு மேஸ்திரியைக் கூப்பிட்டார். குத்தூசியை அவரிடம் கொடுத்தார். பிறகு எழுந்து சன்னல் கதவைச் சாத்தினார்.

"இனிமே மாதிரியை டப்பால போட்டு, மேல நம்பர் மட்டும் ஒட்டிக் கொண்டு வாங்க," என்றார் மெதுவாக. "யாரு நெல்லுன்னு மட்டும் எனக்குச் சொல்லிடாதீங்க."