லாபம், ரெண்டு, மூணு

யுத்தத்தால் கப்பல் வராமல் ஏற்றுமதிக்கான நிலாவாரை இலை மூட்டைகள் தேங்கிக் கிடந்த காலம். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் நான் பழைய குமாஸ்தா. இருப்பெடுக்கும் வேலையை மானேஜர் என்னிடம் கொடுக்காமல், பம்பாயில் வளர்ந்து புதிதாக வந்தவனிடம் கொடுத்தார். அவன் கையெழுத்தை அவர் மெச்சும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

மேஸ்திரி அடுக்கடுக்காகக் கூவி எண்ண, ஒவ்வொரு எண்ணுக்கும் அவன் ஒரு கோடு போட்டான். கடைசியில் புத்தகக் கணக்கைவிடப் பதினாறு மூட்டை குறைந்தது. தொலைந்தான் பயல் என்று நினைத்தேன். மறுநாள் அவன் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருக்க, எதிரிலேயே நான் ஆத்தூர் வெற்றிலையை ராகம் போட்டு எண்ணி எடுத்தேன்.

“லாபம், ரெண்டு, மூணு...”

சட்டென்று எழுந்து மூட்டைகளிடம் ஓடினான்.

சாயங்காலம் மானேஜர் அவனுடைய அறிக்கையை என்னிடம் நீட்டினார். மேஸ்திரி முதல் மூட்டையை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்றதை, எண்ணத் தொடங்குமுன் சொல்லும் ஏதோ மங்கலச் சொல் என்று நினைத்துக் கோடு போடாமல் விட்டிருக்கிறான். பதினாலு அடுக்குக்குப் பதினாலு மூட்டை. மறுபடி எண்ணியதில் அவை சரியாக இருப்பதால் திருத்தம் வேண்டாம். மழையில் மக்கிக் கொட்டப்பட்ட இரண்டை மட்டும் இருப்பிலிருந்து கழிக்க அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தான். அடியில் ஒரு வரி: ‘காரணத்தைப் புரியவைத்தவர் பழைய குமாஸ்தா அண்ணாச்சி.’

“நல்ல நேரத்துல சொல்லிக் குடுத்தீரு வேய்!” என்று மானேஜர் கையெழுத்துப் போட்டார்.

எண்ணாமலே மென்று தொலைத்திருக்கக் கூடாதா நான்!