இல்லாத கணக்கை மீட்டுத் தந்தவன்

என்னை இதுவரை ஏமாற்றியவன் ஒரே ஒருவன்தான். அவனையும் நான் சும்மா விடவில்லை.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவன். ஓசூர் சிப்காட்டில் கம்பெனி கேட்டுகளில் இரும்புக் கழிவைத் தலையில் சுமந்து லாரியில் ஏற்றினேன். பிறகு அதே கேட்டுகளில் என் சொந்த டெம்போவோடு போய் நின்றேன், வாட்ச்மேன் எனக்கு சல்யூட் வைத்தான். ஒரு பேரிங்கைக் கையில் உருட்டிப் பார்த்தே இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று சொல்லிவிடுவேன். இஞ்சினியர்களே என்னிடம் காட்டிக் கேட்டிருக்கிறார்கள்.

கம்பெனிகள் கழித்துப் போடும் மைக்ரோமீட்டர், டிரில் பிட், மோட்டார் எல்லாவற்றையும் டெண்டரில் எடுத்து, நல்லதைப் பொறுக்கி, இணையத்தில் ஏலம் விடும் ஒரு தளத்தில் விற்றுவந்தேன். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வராத காலம் அது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டர். அதை நடத்தியவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அவள் வீட்டுக்காரர் ஒரு வண்டிக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். பொருளை நான் சொல்லுவேன், அவள் படம் பிடித்து ஆங்கிலத்தில் அடிப்பாள். நாலு வருஷம். வாங்கினவர்கள் என் பெயருக்குப் பக்கத்தில் எழுதிய நல்ல வார்த்தைகள் நானூற்றைத் தாண்டியிருந்தன. ராஜ்கோட்காரன் ஒருவன் என் முகத்தைப் பார்த்ததே இல்லை, ஆனால் நான் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவான். நான் சம்பாதித்ததில் பெரியது எது என்று கேட்டால், கோடவுனைச் சொல்லமாட்டேன், அந்தப் பெயரைத்தான் சொல்லுவேன்.

ஒருநாள் காலையில் அந்தப் பெயரை முடக்கிவிட்டார்கள்.

"அண்ணாச்சி, உங்க கணக்கை நிறுத்திட்டான். இன்னொரு கெட்ட கணக்கோட உங்களுக்குத் தொடர்பு இருக்காம்" என்றாள்.

"எனக்கா? நான் யாரு தெரியுமான்னு கேட்டு எழுதும்மா."

அவள் அப்படி எழுதவில்லை. இணையத்தில் வியாபாரிகள் பேசிக்கொள்ளும் ஓர் இடத்தில், 'கணக்கு முடங்கிவிட்டது, என்ன செய்வது' என்று கேட்டு எழுதினாள். என் செல் நம்பரையும் போடச் சொன்னவன் நான்தான். மறுநாளே போன் வந்தது. பெங்களூர்க் குரல், தேன் ஒழுகும் தமிழ்.

"சார், டென்ஷனே எடுத்துக்காதீங்க. நம்ம ஆள் உள்ளயே இருக்காரு. மூணு நாள்ல கணக்கு கைக்கு வந்துடும். நூறு பர்சன்ட் கேரண்டி."

கொஞ்சம் செலவாகும் என்றான். அதை ஒரு தனி ஆளின் பேங்க் கணக்கில் கட்டச் சொன்னான். பாஸ்வேர்டும் வேண்டும் என்றான்.

பிரவுசிங் சென்டர்க்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "உள்ள ஆளு இருக்கான்னா அவனுக்கு எதுக்கு உங்க பாஸ்வேர்டு? யோசிச்சுப் பாருங்க. நாம கேக்காம அவனாத் தேடி வாரான். கம்பெனிப் பேருல ரசீது கிடையாது. ஓசி மெயில்லயிருந்து எழுதுதான். வேண்டாம் அண்ணாச்சி."

"ஏம்மா, எத்தனை கம்பெனியில உள்ளாளைப் பிடிச்சு நான் டெண்டர் எடுத்திருக்கேன்? உனக்கு உலகம் தெரியாது" என்றேன்.

அங்கேதான் விழுந்தேன். உள்ளாள் இல்லாமல் கேட்டே திறக்காத தொழிலில் வளர்ந்தவன், எல்லா இடத்துக்கும் பின்வாசல் உண்டு என்று நம்பினேன். பணத்தைக் கட்டினேன். பாஸ்வேர்டையும் சொன்னேன். மெயிலுக்கும் ஏலக்கணக்குக்கும் எனக்கு ஒரே பாஸ்வேர்டுதான்.

மூன்றாம் நாள் அவன் ஒரு படம் அனுப்பினான். என் பெயருக்கு நேரே பச்சையில் 'செயலில் உள்ளது' என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் சென்டரில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னேன். அவள் டீயைத் தொடாமல் தளத்தைத் திறந்தாள். கணக்கு முடங்கியபடியேதான் இருந்தது.

போன் போட்டேன். "சர்வர் அப்டேட் ஆகணும் சார். இன்னொரு டிபார்ட்மென்ட்ல ஒரு கையெழுத்து பாக்கி. அதுக்குத் தனியா..." என்றான்.

அன்று மாலையே என் மெயிலும் திறக்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டான். அடுத்த நாள் ராஜ்கோட்காரன் கூப்பிட்டான். புது பேங்க் நம்பருக்கு முன்பணம் அனுப்பச் சொல்லி என் மெயிலிலிருந்து அவனுக்குக் கடிதம் போயிருக்கிறது. அவன் அனுப்பவில்லை. ஆனால் எனக்குப் புரிகிற எளிய ஹிந்தியில் மெதுவாகக் கேட்டான்: "சேட், நீங்களா இப்படி?"

பணம் போனதுகூட எனக்கு உறைக்கவில்லை. அந்த 'நீங்களா' இருக்கிறதே, அது நெஞ்சில் ஆணியாக இறங்கியது. அன்று முடிவு செய்தேன். இந்த நாயை நான் கையால் தொடமாட்டேன். ஆனால் இவன் வாயாலேயே இவனைக் கட்டுவேன்.

மெயிலை முதலில் மீட்டாள் அந்தப் பெண். பாஸ்வேர்டு மறந்தால் கேட்கும் ரகசியக் கேள்விக்கு, என் முதல் டெம்போவின் நம்பரை வைத்திருந்தாள். அதை அந்தத் திருடன் மாற்ற மறந்திருந்தான். ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேலைக்குப் பணம் குடுத்திருக்கீங்க. வேலை நடந்துகிட்டு இருக்குன்னு அவன் சொல்லுவான். மெயில் அனுப்பினதும் நானில்லைம்பான். பொய்யின்னு காட்ட ஏதாவது கொண்டாங்க" என்றார். அவனுக்கும் அது தெரிந்திருந்தது. நான் திட்டியபோது சிரித்தான். "கம்ப்ளைன்ட் குடுங்க சார். பிராசஸ்ல இருக்குன்னு சொல்லிக்கிறேன்."

வழி சொன்னவர் பிரவுசிங் சென்டர்க்காரியின் வீட்டுக்காரர். ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்து உட்கார்ந்தார்.

"எங்க கம்பெனியில செக்கிங் ஆளு ஒழுங்காப் பாக்கானான்னு தெரியணும்னா ஒண்ணு செய்வோம் அண்ணாச்சி. கெட்டதுன்னு நமக்குத் தெரிஞ்ச பீஸ் ஒண்ணை நல்ல பீஸோட கலந்து விடுவோம். அதையும் அவன் ஓக்கேன்னு தள்ளிட்டான்னா, அவன் எதையுமே பாக்கலைன்னு அர்த்தம்."

எனக்குப் புல்லரித்தது. "தம்பி, அவனுக்கு ஒரு கெட்ட பீஸ் குடுப்போம்டா" என்றேன்.

அவள் ஒரு பெயரை உருவாக்கினாள், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர். தளத்தில் உறுப்பினரைத் தேடும் பெட்டியில் போட்டுப் பார்த்தாள். அப்படி ஒருவரும் இல்லை என்று வந்தது. அதைத் தேதியோடு அச்செடுத்து வைத்தாள். அப்புறம் அவள் வீட்டுக்காரர் தன் செல்லிலிருந்து அவனைக் கூப்பிட்டு, அந்தப் பெயரைச் சொல்லி, "என் கணக்கை முடக்கிட்டாங்க சார், நீங்கதான் காப்பாத்தணும்" என்று அழாத குறையாகப் பேசினார். நான் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மெயில் வந்தது. 'உங்கள் கணக்கை உள்ளே பார்த்துவிட்டோம். மூன்று புகார்கள் உள்ளன. சிவப்புக் குறி போட்டிருக்கிறார்கள். இன்றே பணம் கட்டாவிட்டால் நிரந்தரமாக அழித்துவிடுவார்கள்.' கூடவே ஒரு படம். பிறக்காத கணக்குக்குச் சிவப்புக் குறி!

எழுத்திலேயே மாட்டினான். எனக்கு அது போதவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவேண்டும்.

"பேங்க் திறந்திருக்கிற நேரமெல்லாம் எனக்கு ஷிப்ட் சார். கையில ரொக்கமாத் தாரேன். எங்க மாமா கணக்கும் முடங்கியிருக்கு, ரெண்டுக்கும் சேர்த்து வாங்கிக்கிடுங்க" என்றார் அவள் வீட்டுக்காரர். இரண்டு கணக்கு என்றதும் அவன் பஸ் ஏறிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு என் கோடவுனுக்குள் வந்தான். முப்பது வயது இருக்கும், டை கட்டியிருந்தான். உள்ளே நானும், அவள் வீட்டுக்காரரும், அச்செடுத்த தாளையும் மெயிலையும் பார்த்துவிட்டு ஸ்டேஷன் அதிகாரி அனுப்பியிருந்த சாதா உடைக் காவலர் ஒருவரும் இருந்தோம். காவலரை என் கணக்குப்பிள்ளை என்று நினைத்திருப்பான்.

"உள்ள பாத்தீங்களா சார், என் கணக்கை?" என்று கேட்டார் அவள் வீட்டுக்காரர்.

"நேத்து நானே நேர்ல பாத்தேன் சார். ரொம்ப சீரியஸ்."

"இந்த மாமா கணக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். "பிராசஸ்ல இருக்கு" என்றேன்.

என் குரல் அவனுக்குத் தெரியாதா? முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அச்செடுத்த தாளை அவன் முன் போட்டேன். "நேர்ல பாத்தியே, இது எங்க இருக்கு? காட்டு." அவன் அதைப் படித்தான். பிறகு வாசலைப் பார்த்தான். அங்கே காவலர் நின்றிருந்தார்.

அழைத்துப்போவதற்கு முன்னால் காவலரிடம் ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டேன். அவனை எடைமேடையில் ஏறச் சொன்னேன். ஏறினான். முள் எழுபத்திரண்டு கிலோவில் நின்றது.

"துரு பிடிச்ச ஆணியைக்கூட எடைக்கு எடுப்பேன்டா. உன்னைச் சும்மா குடுத்தாலும் எடுக்கமாட்டேன்" என்றேன். நான் செய்தது சின்னத்தனம் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். இருக்கட்டும். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு இனிக்கிறது.

ஆனால் என் பெயர் இன்னும் முடங்கித்தான் கிடந்தது. பிரவுசிங் சென்டர்க்காரி தளத்துக்குள்ளேயே இருந்த மேல்முறையீட்டுப் படிவத்தைத் திறந்தாள். காசு கேட்காத படிவம். முதல் நாளிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது. அவள் விசாரித்துக் கண்டுபிடித்திருந்தாள்: அவள் சென்டரின் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒருவன் செல்போன் விற்பதாகச் சொல்லி, பணம் வாங்கிப் பொருள் அனுப்பாமல் ஓடியிருந்தான். என் கணக்கும் அதே கம்ப்யூட்டரில் ஓடியதால் இரண்டும் ஒரே ஆள் என்று நினைத்துவிட்டார்கள். அதை உள்ளபடி எழுதினாள். என் அடையாள அட்டையையும் டெண்டர் ரசீதுகளையும் பேக்ஸில் அனுப்பினாள்.

"பாஸ்வேர்டை வெளியாளுக்குக் குடுத்ததையும் எழுதணும் அண்ணாச்சி."

"அதெல்லாம் எதுக்கும்மா? மானம் போகும்."

"மறைச்சா நீங்களும் அவனும் ஒண்ணுதான்."

ஊரில் என்னை அப்படிப் பேச வேறு யாருக்கும் தைரியம் கிடையாது. எழுதச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து, ஒரு பைசா வாங்காமல் என் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த நானூறு நல்ல வார்த்தைகளும் அப்படியே இருந்தன. முதல் போன் ராஜ்கோட்டுக்குப் போட்டேன். "சேட், நான் இல்லை" என்றேன். அவன் சிரித்துவிட்டு இருபது பேரிங் கேட்டான்.

ஜாமீனில் வந்த பிறகு அந்தப் பெங்களூர்க்காரன் எனக்குப் போன் போட்டான். தேனெல்லாம் வற்றிப்போயிருந்தது. "சார், கேஸை வாபஸ் வாங்கிக்கோங்க சார். பகல்ல பாக்குற வேலையும் போயிடும் சார். என்ன வேணும்னாலும் தர்றேன்."

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"டென்ஷனே எடுத்துக்காத தம்பி. நம்ம ஆள் உள்ளயே இருக்காரு. நூறு பர்சன்ட் கேரண்டி. முதல்ல உன் பாஸ்வேர்டைச் சொல்லு."

அவனே போனை வைத்தான். கேஸை நான் வாபஸ் வாங்கவில்லை.