எதற்கு என்று கேட்ட சந்திரவதனா

வோபர்னில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஏலாத முதியவர்களின் வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்புவது தொழில். யார் எந்த வீட்டுக்கு எப்போது போவது என்று ஒழுங்கு செய்கிறவர் சந்திரவதனா. வயது ஐம்பத்தைந்து. சிரிப்புக் குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. பகல் இரண்டு மணியானால் அவருடைய தொலைபேசி ஓயாது. மாலை வேலைக்காரர்கள் "இண்டைக்கு ஏலாது" என்று சொல்லத் தொடங்குகிற நேரம் அது. மாற்று ஆள் தேடுவது அவர் பாடு.

பிரசாந் புதிய மனேஜர். கழுத்தில் எந்நேரமும் அடையாள அட்டை தொங்கும். எட்டுப் பேர் வேலை செய்கிற இடத்தில் அவர் யாரென்று யாருக்குச் சந்தேகமோ தெரியாது. வந்த இரண்டாம் கிழமையே கணினிக் கலண்டரில் ஒரு கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பினார். தலைப்பு 'முக்கியம்'. வியாழன், இரண்டு முதல் மூன்று. விவரம் எழுதுகிற இடம் வெறுமையாகக் கிடந்தது. நாங்கள் ஏழு பேரும் உடனே 'அக்செப்ட்' அழுத்தினோம். தலையாட்டிப் பொம்மையைக்கூட யாராவது தட்டிவிட வேண்டும். எங்களுக்கு அதுவும் தேவைப்படவில்லை.

சந்திரவதனா அழுத்தவில்லை. மரியாதையாகப் பதில் எழுதினார். கூட்டம் எதைப் பற்றியது, என்ன முடிவு எடுக்கவேண்டும், தான் எதையாவது ஆயத்தம் செய்துகொண்டு வரவேண்டுமா என்று கேட்டார். இரண்டு மணி ஆள் தேடுகிற நேரம் என்பதால், தான் கட்டாயம் வேண்டுமென்றால் காலை பத்தரைக்கு வைக்க முடியுமா என்றும் கேட்டிருந்தார்.

'வந்தால் தெரியும்' என்று பதில் வந்தது. அவர் மறுபடியும் கேட்டார். இந்த முறை பிரசாந் நேரிலேயே மேசைக்கு வந்தார்.

"என்ன அன்ரி, ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டா எதுக்கு எண்டு கேக்கினமே?"

"கலியாணக் கார்ட்டிலயும் ஆருக்குக் கலியாணம் எண்டு போட்டிருக்கும் தம்பி."

"எல்லாரும் வருகினம். நீங்கள் மட்டும் இப்பிடி நிண்டா என்ன மாதிரி?"

"விசயத்தைச் சொல்லுங்கோ. நான் தேவையெண்டா வாறன்."

பிரசாந் திரும்பிப் போய்விட்டார். சொல்ல ஏதும் இருந்தால்தானே. சந்திரவதனா காரணத்தையும் எழுதி, அழைப்பை மறுத்தார்.

வியாழக்கிழமை நாங்கள் ஏழு பேரும் போய் இருந்தோம். திரையை இணைக்கவே கால்மணி நேரம் போனது. பிறகு ஒற்றுமை பற்றி ஒரு படம், தொடர்பாடல் பற்றி ஒரு படம். நான் சமோசா தின்றேன். கதவுக்கு வெளியே சந்திரவதனாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. மாலை வேலைக்குரிய மயூரிக்குக் காய்ச்சல், மோர்னிங்சைட்டில் பொன்னம்பலம் என்ற முதியவரிடம் போக ஆளில்லை. அவர் தனியாக இருக்கிறவர். கதிரையிலிருந்து தானாக எழும்ப முடியாது. பனியில் யாரும் வெளிக்கிட மாட்டேன் என்றார்கள். கடைசியில் ரூஜ் பக்கம் இருக்கிற பராமரிப்பாளர் சிவரூபன் சம்மதித்தார்.

அடுத்த நாள் சந்திரவதனாவுக்கு மட்டும் இன்னோர் அழைப்பு. முதலாளி தங்கேஸ்வரியின் பெயரும் அதில் இருந்தது. விவரம் இல்லை. இப்படி வருகிற அழைப்பில் வேலை போவது வழக்கம். அந்த மனுசி அதற்கும் 'எதற்கு' என்றுதான் எழுதினார். இந்த முறை பிரசாந் ஒரு வரி எழுதினார்: 'கூட்டங்களுக்கு நீங்கள் வராதது பற்றி.' அந்தாளின் வாழ்நாளில் முதல் முதலாக ஒரு கூட்டத்துக்குக் காரணம் கிடைத்திருந்தது.

சந்திரவதனா உடனே 'அக்செப்ட்' அழுத்தினார். வியாழக்கிழமைக் கூட்டத்தில் இருந்தவள் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

"ஒருக்கா வந்து இருந்திருக்கலாம்தானே வதனா அக்கா?" என்றார் தங்கேஸ்வரி.

"இருந்திருப்பன். அப்ப பொன்னம்பலம் ஐயாவும் விடியுமட்டும் கதிரையிலதான் இருந்திருப்பார்."

தங்கேஸ்வரி பிரசாந்தின் பக்கம் திரும்பினார். "அண்டைக்கு மீட்டிங் எதுக்கு வச்சனீர்?"

பிரசாந் என்னைப் பார்த்தார். ஏழு பேரில் ஒருத்தி காப்பாற்றுவாள் என்று நினைத்தார் போலும்.

"அடுத்த மீட்டிங் எப்ப எண்டு கதைச்சனாங்கள்" என்றேன்.

சந்திரவதனாவின் வேலை போகவில்லை. அதற்காக யாரும் அவரைப் பாராட்டவும் இல்லை. இனி விவரம் இல்லாமல் அழைப்பு அனுப்பக்கூடாது என்று மட்டும் தங்கேஸ்வரி சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை பிரசாந்தின் அழைப்பு விவரத்தோடு வந்தது. ஒன்று, வரவேற்பு. இரண்டு, முக்கியமான விடயங்கள். மூன்று, அடுத்த கூட்டத்தின் திகதி. நேரம், இரண்டு மணி.

ஆறு பேர் உடனே அக்செப்ட் அழுத்தினார்கள். நானும் அழுத்தத்தான் போனேன். அடுத்த மேசையில் சந்திரவதனா, இதில் எந்த விடயத்துக்குத் தான் வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார்.