தண்ணீர் நிற்கும் உயரம்

துரைக்கண்ணுவை நினைத்தாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கெட்டவன் என்பதால் அல்ல. கெட்டவர்களோடு நான் சௌகரியமாகவே இருந்திருக்கிறேன். காஞ்சிபுரத்தில் பைப்புக் கடை வைத்திருந்தவனுக்கு அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் நடக்காது. இவன் வேறு ரகம். பேச வேண்டிய இடத்தில் பேச மாட்டான், பேசாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்கிற இடத்தில் வாயைத் திறப்பான்.

மாகறல் பக்கத்து ஆள். அண்ணன் தம்பிகள் ஏர் பிடித்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் ஊருக்குள் குழாய் போட வந்த கான்டிராக்டரிடம் மண் வெட்டப் போனான். வெட்டிய பள்ளத்தில் பைப்பு இறக்குவதைப் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டான். பைப்பு முனையின் திருகு மரைக்குச் சணல் சுற்றுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. நாலு சுற்று, கொஞ்சம் வெள்ளைப் பூச்சு, ஒரு திருகு. அதற்கப்புறம் அந்த இடம் ஒழுகினால் தன் பெயரை மாற்றிக்கொள்வதாகச் சொல்லுவான். மாற்றிக்கொள்ள வேண்டி வந்ததே இல்லை.

அவன் பெண்டாட்டி மணியம்மாள். பட்டு ஜவுளி வியாபாரி பஞ்சாட்சர முதலியார் வீட்டில் துணி துவைப்பவள். பெரிய குடும்பம், வருகிற போகிற ஜனம் வேறு. விடிந்ததும் கொல்லைக் கல்லில் அவள் அடிக்கிற சத்தம் என் கடை வரைக்கும் கேட்கும். சோடாவில் ஊறி ஊறி அவள் கை வெடித்திருக்கும். இருந்தாலும் அந்த வீடு அவளுக்குப் பெரிய பிடிமானம். துரைக்கண்ணுவுக்கு வேலை இல்லாத மழைக்காலங்களில் அடுப்பு எரிந்தது அந்தக் கல்லால்தான்.

புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பேசிக்கொண்டதாகவும் கேள்விப்பட்டதில்லை. இவன் கொண்டுவந்து வைப்பான், அவள் ஆக்கிப் போடுவாள். ஒரு தடவை மணியம்மாளே என் கடை வாசலில் நின்று, "எங்க ஊட்டு ஆளுக்குக் கொழாய்கிட்ட இருக்கற கரிசனம் கூட எங்கிட்ட கெடயாதுண்ணே" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு அவ்வளவு நன்றாக இல்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் முதலியாரின் மகன் இளங்கோவன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது துணி துவைக்கிற மெஷின் ஒன்றைக் கப்பலில் போட்டுக் கொண்டுவந்துவிட்டான். முன்பக்கம் வட்டக் கண்ணாடி வைத்த வெள்ளைப் பெட்டி. எங்கள் ஊரில் அப்போது யாரும் பார்த்திராத பொருள். தெருவே திரண்டு வந்து பார்த்தது. மணியம்மாளும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தாளாம். எதற்கு வந்த பெட்டி என்று அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதைப் பொருத்த முதலியார் கூப்பிட்டு அனுப்பியது துரைக்கண்ணுவை. ஊரில் வேறு யாரைக் கூப்பிடுவார்?

சமையல்கட்டுக்குப் பின்னால், ஒரு கட்டில் கூடப் போட முடியாத சின்ன இடம். ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, மூலையில் தண்ணீர் வெளியேறுகிற ஜலதாரை. மெஷினோடு இரண்டு வளைகிற ரப்பர் ஓஸ் வந்திருந்தது. தண்ணீர் உள்ளே போகிற ஓஸின் முனையில் மரை வைத்த மூடி. நம் ஊர்க் குழாய் மூக்கில் மரை ஏது? என் கடையில் தேடி, மூக்கில் மரை உள்ள முக்கால் அங்குலக் குழாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் பைப்பில் அதைச் சணல் சுற்றி மாட்டினான். ஓஸ் மூடிக்குச் சணல் சுற்றவில்லை. அதற்குள் ரப்பர் வாசர் இருக்கிறது, கையால் இறுக்கினாலே போதும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. அந்தப் பக்கம் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

கோட்டை விட்டது அடுத்த பக்கத்தில். அழுக்குத் தண்ணீர் வெளியேறுகிற ஓஸின் நுனியில் கைத்தடிப் பிடி மாதிரி வளைந்த பிளாஸ்டிக் ஒன்று இருந்தது. கூட வந்த புத்தகம் யாருக்கும் புரியாத பாஷை. அதிலிருந்த படத்தில் ஓஸ் இடுப்பு உயரத்துக்கு ஏறி, நட்டுவைத்த ஒரு பைப்புக்குள் இறங்கியது. துரைக்கண்ணு படத்தைப் பார்த்தான். முதலியாரின் மனைவி கிருஷ்ணம்மாளும் பார்த்தார்.

"இன்னாது, அழுக்குத் தண்ணி மேல ஏறி அப்புறம் எறங்குமா? குடிக்கிற தண்ணி பக்கத்துல எச்சத்தண்ணி பைப்பு நட்டு வெப்பியா நீ? கீழயே உடுப்பா" என்றார் கிருஷ்ணம்மாள்.

அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அழுக்குத் தண்ணீரைக் கீழே இறக்கி விடுவதுதானே அவன் ஆயுளெல்லாம் செய்த வேலை. வளைந்த பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, ஓஸைத் தரையோடு தரையாக இழுத்து ஜலதாரைக்குள் விட்டான்.

இளங்கோவன் துணியைப் போட்டு, சோப்பு மாவைப் போட்டு, பொத்தானை அமுக்கினான். தண்ணீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு அளவுக்குத் தண்ணீர் ஏறினால்தான் உள்ளே உருளை சுற்றத் தொடங்கும். இங்கே எப்படி ஏறும்? மேலே விட்டதெல்லாம் கீழே ஜலதாரை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. நுரையோடு கொல்லை வாய்க்கால் ஓடியது. கடைசியில் மாடித் தொட்டியே காலி. பங்குனி உத்திரத்துக்கு வந்திருந்த விருந்தாளிகள் சோப்பு பூசிய முகத்தோடு குளியலறையில் நின்று கத்தினார்கள்.

"மெஷினுக்கே பேதி புடுங்க வச்சுட்டான்யா துரைக்கண்ணு" என்று எவனோ சொன்னான். அவ்வளவுதான். அடுத்த நாள் செவிலிமேடு வரைக்கும் அந்தப் பேச்சு. என் கடைக்கு வருகிறவன் எல்லாம், "இன்னா, உங்க டாக்டர் வரலியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பான். வழக்கமாக இவனைக் கூப்பிடுகிற இரண்டு மேஸ்திரிகள் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். மெஷினே மோசம் என்று முதலியார் தன் மகனைத் திட்டினார். கிருஷ்ணம்மாள் அதன் மேல் துணி விரித்து ஊறுகாய் ஜாடிகளை அடுக்கிவிட்டார். கொல்லையில் மணியம்மாள் அடிக்கிற சத்தம் பழையபடி கேட்டது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வேடிக்கை என்று இப்போது சொல்லிவிட்டேன், அப்போது அப்படி இல்லை. சொம்பு நிறைய மோரோடு மணியம்மாள் கடைக்கு வந்தாள். தலையில் பூ. அவள் பூ வைத்து நான் பார்த்ததே இல்லை.

"வெயில்ல அலையறாரு. வந்தா குடுங்கண்ணே" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்காவத்தாண்ணே வேணும்னே அப்படி மாட்டிட்டு வந்துட்டாரு. ஊரே சிரிக்குது, வாயத் தொறக்கறாரா பாருங்க" என்றாள்.

 மோரை வாங்கி வைத்தேன்.

துரைக்கண்ணு வந்ததும் கேட்டேன். அவன் முகம் செத்துப்போயிருந்தது. "அன்னிக்கு ராவே கருவாட்டுக் கொழம்பு வச்சா. பக்கத்துல குந்திக்கினு விசிறி எடுத்து வீசறா. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம்தான் நான் வேணும்னே செஞ்சதா அவ நெனச்சுக்கினு இருக்கான்னு தெரிஞ்சுது. எங்கடா தப்புன்னே எனக்குத் தெரியலண்ணே. அதை எப்படி அவகிட்ட சொல்றது?"

"சொல்லாதே. மோரைக் குடி" என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்லுவேன்.

சில நாள் அப்படியே போயிற்று. ஊர் சிரிக்கச் சிரிக்க, வீட்டில் அவள் இவனைத் தாங்கினாள். அவனுக்கு இரண்டுமே தொண்டையில் சிக்கின முள்ளாக இருந்தது.

பிறகு செவிலிமேட்டில் ஒரு புது வீட்டு வேலை கிடைத்தது. சுவரில் மட்டம் குறிக்க மேஸ்திரி டியூப் மட்டத்தின் ஒரு முனையை இவன் கையில் கொடுத்திருக்கிறார். தண்ணீர் நிரப்பிய நீளமான டியூப். இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். இவன் வியர்வை துடைக்கக் கையைத் தாழ்த்தினான். தண்ணீர் மடமடவென்று இவன் காலில் கொட்டியது. தூக்கினான், நின்றது. மறுபடி தாழ்த்தினான், கொட்டியது. மேஸ்திரி கத்தினார். இவன் டியூபை அப்படியே போட்டுவிட்டு நேராக என் கடைக்கு வந்துவிட்டான்.

"அண்ணே, ஒன்றரை அங்குல பைப்பு ரெண்டரை அடி, அடியில திருப்ப ஒரு வளைஞ்ச பெண்டு, செவுத்துக்கு ரெண்டு கிளாம்பு."

எனக்குப் புரிந்துவிட்டது. "மெஷினுக்கா?"

"ஓஸ் நுனி எவ்ளோ ஒயரத்துல இருக்குதோ அதுக்குக் கீழதான் தண்ணி உள்ள நிக்கும். நான் தரையில போட்டேன், எப்படி நிக்கும்? வேல முடிஞ்சா மோட்டாரே அழுக்குத் தண்ணிய மேல தள்ளி உட்டுடும். அந்தப் படம் சரிதாண்ணே."

"சரியாகவே இருக்கட்டும். மாட்டினால் உன் பெண்டாட்டிக்கு வேலை போச்சு. பேசாமல் போ. அந்த ஜாடிகள் அங்கேயே இருக்கட்டும்" என்று கத்தினேன். நிஜமாகவே கத்தினேன்.

அவன் பைப்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றான். "தெரியாத வரைக்கும் சிரிச்சாங்க, சரி. தெரிஞ்சப்புறமும் அதை உடைஞ்ச மெஷின்னு சொல்லிக்கினு இருந்தா, அது எனக்கு ஒப்பலண்ணே. அன்னிக்குத் தெரியாமத்தான் செஞ்சேன்னு அவகிட்டயும் சொல்லிட்டுத்தான் போவப் போறேன்."

மடையன். சொல்லிவிட்டுத்தான் போனான்.

பைப்பைச் சுவரோரமாக நட்டு, அடிப்பெண்டை ஜலதாரைக்குள் திருப்பிப் பூசினான். மறுநாள் பூச்சு காய்ந்ததும் வளைந்த பிளாஸ்டிக்கை ஓஸில் மாட்டி, நுனியை ஒரு சாண் மட்டும் பைப்புக்குள் இறக்கினான். சுற்றிலும் காற்றுப் போக இடம் விட்டான்; இறுக்கி அடைத்தால் அது தண்ணீரை உறிஞ்சி இழுத்துக்கொண்டு, மறுபடி பழைய கதைதான். ஜாடிகள் கீழே இறங்கின. கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் ஏறியது, நின்றது. உருளை சுற்றியது. முதலியார் அவன் முதுகில் தட்டி, "தேறிட்டேடா" என்றார். மணியம்மாள் அப்போது கொல்லைக் கல்லில் ஒரு வேட்டியை அலசிக்கொண்டிருந்தாள். கிருஷ்ணம்மாள் நல்ல மாதிரியாகவே சொன்னார்: "மணியம்மா, ஜமக்காளம் கிமக்காளம் இருந்தா சொல்லி அனுப்பறேன். நாளையிலேர்ந்து நீ செரமப்பட வேணாம்." அவள் வேட்டியை முழுக்கப் பிழிந்து, கொடியில் உலர்த்திவிட்டுத்தான் கிளம்பினாளாம்.

அன்று ராத்திரி வீட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அவள் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள். துரைக்கண்ணு சாப்பிட முடியாமல் கேட்டிருக்கிறான்: "வேல போயிடுச்சுன்னு கோவமா? நான் வேற ஊட்டுல சொல்லி வைக்கிறேன்."

அதற்கு அவள் சொன்னதை மறுநாள் என் கடைப் படியில் உட்கார்ந்து அப்படியே ஒப்பித்தான். 

"வேல கெடக்குது, துணி தொவைக்க எந்த ஊட்டுலயும் கூப்பிடுவாங்க. எனக்காவ ஒரு ஆம்பள தன் பேரையே கெடுத்துக்கினான்னு நெனச்சுக்கினு இத்தினி நாளு தெருவுல நிமிந்து நடந்தேன். அதுக்கு நான் எந்த ஊட்டுல போய் நிக்கட்டும்?"