தோளில் இருந்த கை

சாரம் பகுதி ஃப்ளெக்ஸ் கடையில் மெரின் எட்டு வருடமாகக் கண்ணீர் அஞ்சலி பேனர் செய்கிறாள். இன்று போட்டோஷாப்பில் திறந்திருந்தது அவளுடைய அப்பா அல்போன்ஸின் படம். அவள் கல்யாணத்தில் எடுத்தது. அவருக்குப் பின்னாலிருந்த சுவரை அழித்தாள். வெறுமைக்கு அடையாளமாகக் கட்டம் கட்டமாகத் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளை விழுந்தது. மவுஸைத் தட்டினாள், திட்டினாள், மறுபடி அழித்தாள். மறுபடியும் வெள்ளை.

“லேயர் பூட்டிக் கெடக்கும்மா,” என்றார் கடைக்காரர் அன்வருதீன், மெதுவாக.

பூட்டிய பேக்ரவுண்ட் லேயரில் வெறுமைக்கு இடம் கிடையாது. ரப்பர் அங்கே பின்னணி நிறத்தைத்தான் பூசும். இதை அவருக்கு எத்தனையோ முறை சொன்னவளே அவள்தான்.

பூசிய வெள்ளையை அண்டூ போட்டு நீக்கினாள். லேயரின் பூட்டுச் சின்னத்தின் மேல் கிளிக் செய்தாள், பூட்டு போனது. இப்போது ரப்பர் பட்ட இடமெல்லாம் கட்டங்கள் தெரிந்தன. சுவர் போனது. அப்பாவை ஒட்டி நின்ற கல்யாணப்பெண்ணும் போனாள். அவர் தோளில் அவளுடைய கை மட்டும் மிச்சமிருந்தது.

“அதையும் எடுத்துடணும்ல?”

“வேணாம் பாய்,” என்றாள் மெரின். “அது அவரப் புடிச்சிக்கினே இருக்கட்டும்.”