வலம் சிவப்பு, இடம் பச்சை

மேலகரத்தில், குற்றாலம் போகும் சாலையை ஒட்டிய ஒரு மாடியில், குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர்களுக்கு அனிமேஷன் செய்துகொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்று இருந்தது. அங்கே நான் ரிக் செய்பவன். கணிதத்தில் முதுகலை முடித்து, சென்னையில் நெடுங்காலம் இதே தொழிலில் இருந்துவிட்டு, அறுபதைத் தாண்டிய பிறகு ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தேன்.

கணினியில் உருவாக்கிய ஒரு பாத்திரம் தானாக அசையாது. உள்ளே எலும்புகள் போட்டு, அவற்றை அசைக்கக் கைப்பிடிகள் வைக்க வேண்டும். அந்தக் கைப்பிடிகளுக்குக் கன்ட்ரோல் என்று பெயர். மெல்லிய கம்பியை வளைத்துவிட்டதுபோல உடம்பைச் சுற்றித் திரையில் தெரியும். முடிந்த படத்தில் தெரியாது. அனிமேட்டர் அதைச் சொடுக்கி, நகர்த்தி, அந்த நொடிக்கு அந்த நிலையைக் கீ என்ற பெயரில் பதிவுசெய்வார். எந்த வடிவத்தில், எந்த நிறத்தில் கன்ட்ரோல் இருக்க வேண்டும், எதை எந்த லேயரில் போட்டு வேண்டாத நேரத்தில் மறைக்க வேண்டும் என்பதையெல்லாம் ரிக் செய்பவன்தான் முடிவுசெய்வான். அடுத்தவர் குடியிருக்கப்போகும் வீட்டில் ஸ்விட்சுகளை எங்கே வைப்பது என்பது போன்ற வேலை.

நான் எல்லாவற்றுக்கும் வட்டம் வைத்தேன். கை, கால், இடுப்பு, விரல் எல்லாம் வட்டம்தான். வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் பச்சை, நடுவில் மஞ்சள். உடம்பை மட்டும் தனி லேயரில் போட்டு, சொடுக்கினாலும் பிடிபடாதபடி பூட்டியிருந்தேன். கன்ட்ரோல்கள் அத்தனையும் ஒரே லேயரில் கிடந்தன. இதற்குச் சுத்தமான ரிக் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். சென்னையில் அப்படித்தான் செய்தேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாததற்கு வேறு காரணம் இருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

அந்த வருடம் எங்கள் தொடரில் ஒரு சமையல்காரக் கரடி. கரண்டிகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டே ஆடும். கைகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காட்சிகளை ராயகிரிக்காரர் ஒருவரிடம் கொடுத்தார்கள். முப்பது வயதிருக்கும். அண்ணன்மார் இரண்டு பேரும் போலீஸ். இவரும் போலீஸுக்குத்தான் முயன்றார், உடல் தகுதித் தேர்வில் நின்றுபோயிற்று என்று சொல்லியிருந்தார். எதில் நின்றது என்று நான் கேட்கவில்லை. சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கரடித் தொடர் முடியும்போது அவரை நிரந்தரம் செய்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவெடுப்பார்கள்.

கரடி நடக்கும், உட்காரும், தலையைச் சொறியும் காட்சிகளை எல்லாம் அவர் மிக அழகாகச் செய்தார். கரடியின் கனம் பார்ப்பவர் காலிலேயே தெரியும். கை குறுக்கிடும் இடம் வந்தால் மட்டும் தடுமாறுவார். ஒவ்வொரு வட்டமாகச் சொடுக்கி, ஓரத்தில் வரும் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்த்துவார்.

ஒருநாள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, கைக்கு மட்டும் வேற வடிவம் வச்சுத் தந்தீயன்னா நல்லாருக்கும். ரெண்டு கையும் ஒரே வட்டமா இருக்கு."

"நிறம் எதுக்குவே வச்சிருக்கு?"

"அது சரிதான். இருந்தாலும்…"

"நடுவுல மாத்தினா இதுவரைக்கும் செஞ்ச ஷாட் பூரா உடைஞ்சிரும். பரவாயில்லையா?"

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் சொன்னது பொய். கன்ட்ரோலின் பெயரை மாற்றினால்தான் பழைய கீகள் எதில் ஒட்டுவது என்று தெரியாமல் அறுந்துபோகும். பெயரை விட்டுவிட்டு வடிவத்தையும் நிறத்தையும் மட்டும் மாற்றினால் ஒரு கீகூட அசையாது. ரிக் செய்யும் எவனுக்கும் இது தெரியும். அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

பிறகு அவர் தன் ஷாட் கோப்பில் தானே ஒரு லேயர் போட்டு, இடக்கை வட்டங்களை அதில் சேர்த்து, நீல நிறம் கொடுத்து வைத்திருந்தார். சரிபார்க்கும்போது என் கண்ணில் பட்டது. ரிக்கின் தோற்றத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது அங்கே விதி. அந்த விதியைப் போட்டதும் நான்தான். லேயரை நானே அழித்தேன்.

"இனிமே இந்த வேலையெல்லாம் வேண்டாம், என்ன?" என்றேன்.

"சரி அண்ணாச்சி" என்றார். ஏன் செய்தீர் என்று நான் கேட்டிருக்கலாம்.

அருவிச் சீசன் தொடங்கி, ஒரு மதியம் எல்லோருமாகக் குற்றாலம் போனோம். குளித்துவிட்டு ஈரத் தலையோடு பழக்கடைப் பக்கம் நின்றோம். ரம்புட்டான் குவித்திருந்தது. காயும் பழமும் கலந்து கிடந்தன. அவர் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். கடைக்கார அம்மாள் பையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏ தம்பி, செவசெவன்னு பழம் கெடக்கு, அத விட்டுட்டுப் பச்சக் காயாப் பொறுக்குதீய? அருவித் தண்ணி கண்ணுக்குள்ள போயிருச்சோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "எனக்குப் புளிப்புத்தான் பிடிக்கும் ஆச்சி" என்றார். பையைக் கொட்டாமல் அப்படியே வாங்கினார். திரும்பி வரும்போது வேனில் ஒரு காயை உரித்து வாயில் போட்டு, முகத்தைச் சுளிக்காமல் மென்றதைப் பார்த்தேன். போலீஸ் தேர்வு எதில் நின்றது என்று அப்போது புரிந்தது. சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்றுதான். என் கரடியின் இரண்டு கைகளும் அவருக்கு ஒரே கைதான்.

அன்று சாயங்காலமே மாற்றியிருக்கலாம். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாற்றினால், உடைந்துவிடும் என்று சொன்னது பொய் என்று வெளியாகும். என் ரிக்கில் குறை இருந்தது என்றும் ஆகும். ஒரு நாள் தள்ளினேன். பிறகு இன்னொரு நாள். தள்ளத் தள்ள அது எளிதாகிவிட்டது.

அனுப்பிய பெரிய நடனக் காட்சி திருத்தச் சொல்லித் திரும்பி வந்தது. கரடியின் இடக்கையில் இருக்க வேண்டிய அசைவுகள் சில வலக்கையில் பதிவாகியிருந்தன. அங்கங்கே கை வெட்டுப்பட்டதுபோலத் துள்ளியது. தொடரை எங்களிடம் கொடுத்தவர்கள் கோபமாக எழுதியிருந்தார்கள். நிறுவனத்தை நடத்திய அம்மாள் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர், நான், ராயகிரிக்காரர், அவரோடு வேலை பார்த்த பெண் அனிமேட்டர்.

"சார், ரிக்ல ஏதும் பிரச்சினையா? நேரடியாவே கேக்கேன்" என்றார் அம்மாள்.

கேள்வி என்னிடம் வந்தது. ராயகிரிக்காரர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரே ஒரு வாக்கியம் உண்மையாகச் சொல்லியிருந்தால் போதும். நானும் உண்மையைத்தான் சொன்னேன், அவருடைய உண்மையை.

"ரிக்ல ஒண்ணும் இல்ல. இவருக்குச் செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. அதான்."

ராயகிரிக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பழக்கப்பட்ட ஒன்று மறுபடி வந்துவிட்டது என்பதுபோல ஒரு பார்வை.

"அப்படியா தம்பி? சேரும்போது ஏன் சொல்லல?" என்றார் அம்மாள்.

"சொன்னா சேத்திருப்பீயளா மேடம்?"

அந்த வாரம் முடிவதற்குள் ராயகிரிக்காரர் போய்விட்டார். ஹெட்போனை மேசையில் சுருட்டி வைத்துவிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார், என்னிடமும்.

அதற்குப் பிறகுதான் நான் ரிக்கைத் திறந்தேன். கைகளுக்குக் கை வடிவமே வைத்தேன், பெருவிரல் பக்கம் தெரியும்படி. பாதத்துக்குப் பாதத்தின் வெளிக்கோடு, இடுப்புக்கு அகலமான பெட்டி. இடப்பக்கத்தை நீலமாக்கினேன். விரல்களையும் முகத்தையும் தனித்தனி லேயரில் பிரித்து, வேண்டும்போது மட்டும் காட்டும்படி செய்தேன். பெயர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பழைய ஷாட்டுகளைத் திறந்தால் எல்லாக் கீகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு மதியத்து வேலை, அவ்வளவுதான்.

மறுநாள் அந்தப் பெண் அனிமேட்டர் என்னிடம் வந்தார்.

"சார், இப்பத்தான் எனக்கே கண்ணு தெரியுது. கன்ட்ரோலப் பிடிச்சா அது இளம்பச்சையா மாறும்லா? நம்ம இடப்பக்கம் ஏற்கெனவே பச்சை. பிடிச்சிருக்கா இல்லையான்னே தெரியாது. நானும் எத்தனையோ தடவ தப்பாப் பதிஞ்சு அழிச்சிருக்கேன்."

"ஏம்மா முன்னாலயே சொல்லல?"

"அவரு சொன்னாருல்லா சார்" என்றார்.

ராயகிரிக்காரருக்குப் பலமுறை போன் செய்தேன். எடுக்கவில்லை. அம்மாளிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் வெகுநேரம் கேட்டுவிட்டு, "இப்பச் சொல்லுதீங்களே சார்" என்றார். ராயகிரிக்காரருடைய இடத்தில் வேறு ஆள் சேர்ந்து வேலையைத் தொடங்கிவிட்டார். இங்கே இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். கண் விஷயம் அவருக்கு முன்னாலேயே எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கரடித் தொடரோடு அந்த நிறுவனமும் ஓய்ந்தது. மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது.

போன மாதம் தென்காசியில், கோயில் வாசலிலிருந்து கொஞ்சம் தள்ளி, பிளாஸ்டிக் குழாய் ஏற்றிய ஒரு சின்ன வேன் பக்கத்தில் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். அருகில் போனேன்.

"அண்ணாச்சியா? நல்லாருக்கீயளா?"

சொல்ல வேண்டியதை அவசரமாகச் சொன்னேன். உடைந்துவிடும் என்றது பொய், குற்றாலத்திலேயே தெரிந்தும் மாற்றாமல் இருந்தேன், நீர் போன பிறகு மாற்றினேன் என்று. அவர் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"கைக்குக் கை வடிவமா வச்சீய?"

"ஆமா. பெருவிரல் தெரியுற மாதிரி."

ஒரு கணம் அவர் வலக்கை, கயிற்றை விட்டுவிட்டு, காற்றில் எதையோ பிடித்துத் திருப்புவதுபோல அசைந்தது.

"நல்லா இருந்திருக்கும்" என்றார்.

"வேற இடத்துல கேட்டுப் பாக்கட்டுமா? நான் வந்து சொல்லுதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. வீட்டுல பெரியண்ணன் ஒருத்தனுக்குத்தான் தெரியும், யார்ட்டயும் சொல்லாம வச்சிருந்தான். இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. பொண்ணு பாத்த இடத்துலயும் கேட்டாவ."

மன்னித்துவிடும் என்றேன். "விடுங்க" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

எதிர்க் கடையிலிருந்து போலீஸ் கிராப்போடு ஒருவர் வந்து வேனின் ஓட்டுநர் பக்கம் ஏறினார்.

"லீவுல வந்த அண்ணன். என்னைய ஓட்ட விடமாட்டான். சிக்னல் தெரியாதாம்" என்றார் சிரித்துக்கொண்டே. அன்று பழக்கடையில் சிரித்த அதே சிரிப்பு.

சுற்றிப்போய் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். வேன் சிவகிரிச் சாலைப் பக்கம் திரும்பும்வரை நான் அங்கேயே நின்றேன். வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். என்னிடம் இருக்கும் நகலில் அந்தக் கரடி கைகளை விரித்து நிற்கிறது. ஒரு கை சிவப்பு, ஒரு கை நீலம். யார் பார்த்தாலும் எது எந்தக் கை என்று தெரியும். பார்ப்பதற்கு என்னைத் தவிர யாரும் இல்லை.