குனிந்தால் வருவது

"வயரைக் கழட்டாதீங்க. நான் இன்னும் முடிக்கல."

படுக்கையிலிருந்து அவள் சொன்னதும் ஈசிஜி எடுத்த பெண்ணின் கை அப்படியே நின்றது. டாக்டர் தாளிலிருந்து தலை தூக்கினார்.

"எல்லாம் நார்மல்மா. பதற்றத்துக்கு ஒரு மாத்திரை எழுதறேன். நாளைக்கே வேலைக்குப் போகலாம்."

"மூணாவது தடவையும் நார்மல்," என்றான் கணவன். "இவளுக்கு இதயம்னு ஒண்ணு இருக்குன்னு தாள்ல வந்ததே பெரிய விஷயம்."

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் செருப்புக்கடையில் இருக்கிறாள். ஆள் வாசலில் ஏறும்போதே காலைப் பார்த்து அளவைச் சொல்லிவிடுவாள். கொஞ்ச நாளாக, வாரைப் பூட்டக் குனிந்தால் நெஞ்சுக்குள் யாரோ தையல் மிஷினை மிதிக்கிறார்கள். கிளினிக்குக்கு வந்து சேர்வதற்குள் நின்றுவிடும். போன வாரம் வாடிக்கையாளர் காலடியிலேயே மயங்கி விழுந்தாள். டாக்டர் சரி என்றால்தான் வரவேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். டாக்டர் சரி என்கிறார். ஆனால் அடுத்த தடவை விழுந்தால் யார் நம்புவார்கள்?

"இந்தத் தாள் என்ன சொல்லுது டாக்டர்?"

"இதயத்துல மின்சாரம் எப்படி ஓடுது, எவ்வளவு வேகத்துல ஓடுதுன்னு."

"எப்ப ஓடினதை?"

"இப்ப, நீங்க படுத்திருந்த பத்து செகண்ட்."

"கடையில நான் படுத்துக்கிட்டா வியாபாரம் பண்றேன்?"

டாக்டர் சிரித்துவிட்டார். பேனாவை மூடினார். "சரி, எப்படி வருதுன்னு காட்டுங்க."

கணவனை ஸ்டூலில் உட்கார வைத்து, ஷூவைக் கழற்றச் சொன்னாள். வயர்கள் தொங்க மண்டியிட்டாள்.

"காலைத் தொடணும்னா வீட்லயே கேட்டிருக்கலாம்ல?"

"வாயை மூடிட்டுக் காலை நீட்டுங்க."

முதல் ஷூவை மாட்டிக் கட்டியபோது ஒன்றும் வரவில்லை. கை அசைவில் ஈசிஜி திரையில் கோடு நடுங்கியது, அவ்வளவுதான். இரண்டாவது ஷூவின் நாடாவுக்கு இன்னும் குனிந்தாள்.

"வந்துடுச்சு," என்றாள் நிதானமாக.

திரையில் முட்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஓடின. அவளைப் படுக்கவைத்து மறுபடி முழுசாகப் பதிவு செய்தார்கள். நிமிஷத்துக்கு நூற்றி எண்பது. துடிப்பைத் தணிக்க, காலி ஊசிக்குழாயைக் கொடுத்து மூச்சை இழுத்து அழுத்தி ஊதச் சொன்னார் டாக்டர். ஊதி முடித்ததும் அவள் கால்களைத் தூக்கிப் பிடித்தார். சின்ன இடைவெளி. பிறகு பழைய நடை.

"பயமும் இல்ல, பதற்றமும் இல்ல," என்றார். "உள்ளே மின்சாரம் ஒரு குறுக்கு வழியில சுத்துது. சுத்தும்போது எடுத்தாத்தான் தெரியும். நான்தான் அவசரப்பட்டுட்டேன். இதைச் சரி பண்ணிடலாம்."

கணவன் குனிந்து, கட்டாமல் கிடந்த நாடாவைத் தானே கட்டிக்கொண்டான்.

மறுநாள் அவள் கடைக்குப் போனாள். இதயத்தில் கோளாறு இருக்கிறது, என்னவென்று தெரிந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னாள். அவர் பில் போடும் இடத்தில் உட்கார வைத்தார். மதியம் கணவன் பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கு நாள் வாங்கி வந்தான். வியாழக்கிழமை கிடைத்தது. சாயந்திரம் மழை பெய்ததால் கடையில் கூட்டம் இல்லை.